கவனமாகக் கையாளப்படும்

மாமியின் மூத்த மகளான ராத்தா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் சிறப்புப் பட்டத்தின் இறுதி வருடத்தில் படிக்கிறார். கடந்த விடுமுறையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு கோவை இருந்தது. அவருடைய ஆய்வு முன்மொழிவு அது. எங்கள் ஊர் வீட்டுத் தோட்டங்களுக்கு வரும் சிறிய பழந்தின்னி வௌவால்கள் எந்தப் பழங்களை உண்கின்றன, எந்த விதைகளைப் பரப்புகின்றன என்பதே ஆய்வின் தலைப்பு. மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர் முழுவதையும் வாசித்துத் திருப்பிக் கொடுத்திருந்தார். முன்னுரை, நோக்கங்கள், புள்ளிவிபரப் பகுப்பாய்வு ஆகிய பகுதிகளில் ஆங்காங்கே சிறு திருத்தங்கள்தான். ஆனால் “ஒழுக்கநெறியும் அனுமதிகளும்” என்ற பகுதி மட்டும் சிவப்பு மையால் நிறைந்திருந்தது.

அந்தப் பகுதியில் ராத்தா எழுதியிருந்தது மூன்றே வசனங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால் இப்படி வரும்: “விலங்குகள் கவனமாகக் கையாளப்படும். அவற்றுக்குத் தீங்கு ஏற்படாது. உரிய அனுமதிகள் பெறப்படும்.”

முதல் வசனத்தின் கீழே விரிவுரையாளர் கேட்டிருந்தார்: “யாரால்? எவ்வளவு நேரம்? எத்தனை?” இரண்டாவதன் கீழே: “இது வாக்குறுதி. எனக்குத் தேவை திட்டம்.” மூன்றாவதன் கீழே: “யாரிடமிருந்து?”

“நீ வாசிச்சுப் பார். எங்கெங்க விளங்கல்லையோ அங்கெல்லாம் கேள்வி கேள். நான் பதில் சொல்றன், நீ தட்டச்சுச் செய்” என்றார் ராத்தா. எனக்கு அதில் வேறொரு ஆசையும் இருந்தது. வெளிக்கள வேலை தொடங்கும்போது நானும் கூடச் சென்று ஒரு வௌவாலையாவது கையில் பிடித்துப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். அதனால் உடனே சம்மதித்தேன்.

உண்மையில் நான் முன்பே ஒரு வௌவாலைக் கையில் பிடித்தவள். தரம் ஏழில் படிக்கும்போது, ஒரு மழை இரவுக்கு அடுத்த காலை, எங்கள் ஜம்பு மரத்தின் கீழ் ஒரு வௌவால் குட்டி விழுந்து கிடந்தது. யாருக்கும் சொல்லாமல் அதைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்து, பஞ்சில் பசும்பால் நனைத்துக் கொடுத்தேன். அரைமணிக்கு ஒரு தடவை எடுத்துத் தடவிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் அது விறைத்துக் கிடந்தது. விஷயம் தெரிந்ததும் உம்மா என்னை ஏசவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றார். விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைச் சில தடவைகள் போட வேண்டியிருந்தது. திரும்பி வரும் வழியில் உம்மா பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: பூனையைக் கட்டி வைத்துச் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸை மத்ரஸாவில் படித்தாய்தானே என்று. “நான் கட்டி வைக்கல்லையே உம்மா, கவனமாத்தானே பார்த்தேன்” என்று அழுதேன்.

அதனால்தான் ராத்தாவின் முதல் வசனம் எனக்குப் பழைய ஒன்றை ஞாபகப்படுத்தியது. நானும் அதைக் கவனமாகத்தான் கையாண்டேன். என் கவனம் அந்தக் குட்டிக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

முதலாம் இரவு நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, பிடிக்கத்தான் வேண்டுமா என்பது. விரிவுரையாளர் ஓரத்தில் மூன்று சொற்களை எழுதியிருந்தார்: மாற்றீடு, குறைப்பு, செம்மைப்படுத்தல். இவை 1959 இல் ரஸ்ஸல், பேர்ச் என்ற இரு பிரித்தானிய விஞ்ஞானிகள் ஆய்வுகூட விலங்குகளுக்காக வகுத்தவை. விலங்கைப் பயன்படுத்தாமலே விடை கிடைக்குமென்றால் அந்த வழியை எடு. பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால் எண்ணிக்கையைக் குறை. அந்த எண்ணிக்கைக்கும் ஏற்படும் வேதனையை முறையைத் திருத்திக் குறை. இன்று காட்டு விலங்குகளைப் பிடிக்கும் ஆய்வுகளையும் இதே மூன்றால்தான் அளக்கிறார்கள்.

ராத்தாவின் முதல் திட்டம் மூன்று தோட்டங்களில் அறுபது வௌவால்களை வலையிட்டுப் பிடித்து, ஒவ்வொன்றையும் துணிப் பையில் வைத்திருந்து, பைக்குள் அது இடும் எச்சத்திலிருந்து விதைகளைப் பொறுக்குவது. “வௌவால் பழத்தை மரத்திலேயே தின்னுமா?” என்று நான் கேட்டேன். பாடத்துக்காகக் கேட்கவில்லை, எங்கள் ஜம்பு மரத்தின் பழங்கள் காலையில் அடுத்த வளவின் மாமரத்தடியில் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். ராத்தா பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

இந்தச் சிறிய வௌவால்கள் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் பறந்து, அங்கே தொங்கிக்கொண்டே மெல்லும். சாற்றை விழுங்கிவிட்டு, நாரைச் சக்கையாகத் துப்பும். பெரிய விதைகள் அப்படியே கீழே விழும். அத்தி, கொய்யா போன்றவற்றின் சிறு விதைகள் வயிற்றுக்குள் போய் எச்சத்தோடு வரும். ஆகவே அவை தொங்கி உண்ணும் மரத்தின் கீழ் மாலையில் ஒரு பொலித்தீன் விரிப்பை விரித்து, காலையில் அதில் விழுந்தவற்றை எடுத்தாலே என்ன உண்டன என்பதற்கு விடை கிடைக்கும். ஒரு வௌவாலையும் தொடத் தேவையில்லை.

அப்படியானால் ஏன் பிடிப்பது? ஒரேயொரு காரணம் எஞ்சியது. நம் நாட்டில் இந்தக் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால்களில் ஒன்றையொன்று மிக ஒத்த இரண்டு இனங்கள் உள்ளன. இருட்டில் பறக்கும்போது அவற்றைப் பிரித்தறிய முடியாது. முன்கையின் நீளத்தையும் காதின் நீளத்தையும் அளந்தால்தான் எந்த இனம் என்று சொல்லலாம். தோட்டங்களுக்கு வருவது ஓர் இனமா, இரண்டுமா என்பதை அறிய மட்டும் சிலவற்றைப் பிடிக்க வேண்டும். ஒழுக்கநெறிப் பகுதியின் முதலாவது பந்தியாக இதையே எழுதினோம். எந்தக் கேள்விக்குப் பிடிக்க வேண்டியதில்லை, எந்தக் கேள்விக்குப் பிடிக்க வேண்டும் என்று பிரித்துச் சொன்னதும், அறுபது என்ற எண் தானாகவே ஆட்டம் கண்டது.

“அப்படியென்றால் தோட்டத்துக்கு மூன்று போதும்தானே?” என்றேன், வௌவால்களுக்கு நன்மை செய்யும் எண்ணத்தில். ராத்தா சிரித்தார். “கணக்குப் போட்டுப் பார்” என்றார்.

அது சாதாரண தரத்து நிகழ்தகவுக் கணக்குதான். ஒரு தோட்டத்துக்கு வரும் வௌவால்களில் நான்கில் ஒன்று இரண்டாவது இனம் என்று கொள்வோம். பிடிபடும் ஒன்று அந்த இனமாக இல்லாதிருக்கும் நிகழ்தகவு 0.75. மூன்று பிடித்தால், மூன்றுமே முதலாவது இனமாக இருந்துவிடும் நிகழ்தகவு 0.75 ஐ மூன்று தடவை பெருக்க வருவது, ஏறத்தாழ 0.42. அதாவது, இரண்டாவது இனம் அங்கே இருந்தும் நூற்றுக்கு நாற்பத்திரண்டு வாய்ப்பில் அதைத் தவறவிடுவோம். அந்த மூன்று வௌவால்களும் பயந்து நடுங்கியது வீணாகப் போய்விடும். எட்டுப் பிடித்தால் தவறவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 0.10 ஆகக் குறைகிறது. இருபது பிடித்தால் அது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. ஆனால் அந்தச் சிறு மேலதிக உறுதிக்காக ஒவ்வொரு தோட்டத்திலும் பன்னிரண்டு வௌவால்களை மேலதிகமாகப் பிடிக்க வேண்டும்.

குறைப்பு என்பதை நான் வெறும் சிக்கனம் என்று நினைத்திருந்தேன். மிகக் குறைவாகப் பிடிப்பதும் ஓர் அநியாயமே என்பது அந்தக் கணக்கில்தான் விளங்கியது. தோட்டத்துக்கு எட்டு, மொத்தம் இருபத்துநான்கு என்று எழுதினோம். அதன் கீழே கணக்கையும், நான்கில் ஒன்று என்பது எங்கள் எடுகோள் என்பதையும் எழுதினோம். எட்டாவது கிடைத்ததும் அந்தத் தோட்டத்தில் வலை சுற்றப்படும் என்றும் சேர்த்தோம்.

இரண்டாம் இரவு “எவ்வளவு நேரம்” என்ற கேள்வி வந்தது. இதற்கு முதலில் வலை வேலை செய்யும் விதத்தை ராத்தா எனக்கு விளக்க வேண்டியிருந்தது. அது மிக நுண்ணிய நைலோன் நூலால் ஆனது. இரு கம்பங்களுக்கிடையே திரை போல நிற்கும். குறுக்கே இழுக்கப்பட்ட தடித்த நூல்களுக்குக் கீழே வலை பை போலத் தொய்ந்திருக்கும். மோதும் வௌவால் அந்தத் தொய்வுக்குள் விழுந்து சிக்கிக்கொள்ளும். உடனே எடுக்காவிட்டால் அது புரண்டு புரண்டு நூலை இறுக்கிக்கொள்ளும். சிறகின் மெல்லிய சவ்வு கிழியும். ஆந்தையோ பூனையோ வந்துவிடலாம். ஆகவே வலையில் சேதம் விளைவிப்பது நூலைவிட நேரம்தான்.

எங்கள் வசனங்கள் மாறத் தொடங்கின. பறவைகள் அடைந்த பின்னரே வலை விரிக்கப்படும். விரித்த வலையை விட்டு எவரும் அகலமாட்டார்கள். பத்து நிமிடங்களுக்கு ஒரு தடவையாவது முழு வலையும் டோர்ச் ஒளியில் பார்க்கப்படும். மழை தூறினாலோ காற்று பலமானாலோ வலை மூடப்படும். சிக்கிய வௌவால், எந்தப் பக்கத்தால் உள்ளே வந்ததோ அந்தப் பக்கத்தாலேயே எடுக்கப்படும். இலகுவில் விடுபடாவிட்டால் வலையின் நூல் கத்தரிக்கப்படும். இந்தக் கடைசி வசனத்தை எழுதும்போது ராத்தா ஒரு கணம் தயங்கினார். வலை அவருடையதல்ல, திணைக்களத்தில் இரவல் வாங்கியது. “வெட்டினா விலை கட்டவேணும்” என்றார். பிறகு, “எழுது. வலையைத் தைக்கலாம்” என்றார்.

துணிப் பையில் ஒரு வௌவாலை முப்பது நிமிடங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று அடுத்ததாக எழுதினோம். இங்கே நான் ஒரு கேள்வி கேட்டேன்: ஒரே நேரத்தில் ஏழெட்டு விழுந்தால்? பழுத்த மரத்துக்கு அவை கூட்டமாக வருவதை நான் கண்டிருக்கிறேன். ராத்தா மீண்டும் கணக்குக்குப் போனார். அளப்பவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர். ஒன்றை அளந்து நிறுத்து விடுவதற்கு ஐந்து நிமிடங்கள் பிடிக்கும். நான்கு பைகள் காத்திருந்தால் கடைசி வௌவால் இருபது நிமிடங்களில் விடுபடும். சிறு தடங்கல் வந்தாலும் முப்பதைத் தாண்டாது. ஏழு பைகள் என்றால் முப்பத்தைந்து நிமிடங்கள். எனவே பைகளில் நான்கு சேர்ந்தவுடன் வலை மூடப்படும் என்று எழுதினோம். பை ஒவ்வொன்றிலும் உடுப்புக் காயவிடும் கவ்வியால் ஒரு துண்டு மாட்டி, பிடித்த நேரத்தைக் குறிப்பது என்றும் சேர்த்தோம். “முப்பது நிமிடம்” என்று எழுதுவது எளிது. இருக்கும் கைகளால் அது முடியுமா என்பதைக் கணக்கில் காட்டிய பிறகுதான் அது திட்டமாகிறது.

அளவெடுக்காமலே விட வேண்டியவை எவை என்பதற்கு ஒரு தனிப் பந்தி. வயிறு பெருத்த கர்ப்பிணி வலையடியிலேயே விடப்படும். முலைக்காம்பைச் சுற்றி மயிர் உதிர்ந்து பால் சுரப்பது தெரிந்தால், அதற்கு எங்கோ ஒரு குட்டி காத்திருக்கிறது. அதுவும் உடனே விடப்படும். குட்டியைச் சுமந்துகொண்டு சிக்கும் தாயைக் குட்டியோடு சேர்த்தே எடுக்க வேண்டும். இரண்டையும் ஒருபோதும் வெவ்வேறு பையில் இடக்கூடாது. பிரிந்த குட்டியைத் தாய் மீண்டும் சேர்த்துக்கொள்ளும் என்ற நிச்சயம் இல்லை. குட்டி ஈனும் மாதங்களில் வலையே விரிப்பதில்லை என்றும் எழுதினோம். இதைத் தட்டச்சுச் செய்துவிட்டு நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். என் சப்பாத்துப் பெட்டிக் குட்டியின் தாய் அன்றிரவு அந்த ஜம்பு மரத்துக்கு வந்திருக்குமோ என்று முதன்முதலாக யோசித்தேன். குட்டியை அதே மரத்தில் உயரமாக, பூனைக்கு எட்டாத இடத்தில், பிடித்துத் தொங்கக்கூடியவாறு வைத்துவிடுவதே முதலில் செய்யவேண்டியது, அதுவும் வெறுங்கையால் தொடாமல் என்று ராத்தா சொன்னார். எனக்கு அன்று அது தெரியாது.

ஒரே வௌவாலை இரண்டு தடவை எண்ணிவிடாமல் இருப்பதற்கு ராத்தா முதலில் முன்கையில் உலோக வளையம் இடுவதாக எழுதியிருந்தார். வளையம் சில வேளை சிறகுச் சவ்வைப் புண்ணாக்கும். பல வருடங்கள் தொடரும் ஆய்வுக்கு அது தேவைப்படலாம். இந்த ஆய்வோ சில வாரங்களில் முடிந்துவிடும். முதுகில் சிறிதளவு மயிரைக் கத்தரித்தால் அந்த வாரங்களுக்குப் போதும்; பிறகு அது வளர்ந்துவிடும். வளையத்தை அடித்துவிட்டு மயிரை எழுதினோம். செம்மைப்படுத்தல் என்ற பெரிய சொல்லுக்கு எங்கள் முன்மொழிவில் கிடைத்த மிகச் சிறிய உதாரணம் இது.

மூன்றாம் இரவு மிகக் கடினமாக இருந்தது. “தீங்கு ஏற்படாது” என்ற வசனத்தின் இடத்தில் என்ன எழுதுவது? வலையில் பிடிக்கப்படும் விலங்குகளில் எப்போதாவது ஒன்று காயப்படும். அரிதாக ஒன்று இறக்கும். ஏற்படாது என்று எழுதுபவர், ஏற்பட்டால் என்ன செய்வதென்று யோசிக்காதவர். அதுவே விரிவுரையாளரின் சிவப்புக் குறிப்பின் பொருள்.

முதலில், தீங்கு தொடங்குவதை எப்படி அறிவது என்று எழுதினோம். நலமாக இருக்கும் வௌவால் பையின் துணியைக் கால்விரல்களால் இறுகப் பற்றியிருக்கும்; கையில் எடுத்தால் கடிக்க முயலும். வாயைத் திறந்து மூச்சிரைப்பது, பற்றிய பிடி தளர்வது, உடல் குளிர்ந்து தலை தொங்குவது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவெடுப்பு அந்தக் கணமே நிறுத்தப்படும்; பாதி அளந்திருந்தாலும் சரி. அமைதியான இருளான இடத்தில் வைத்து, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சில துளி சீனித் தண்ணீர் கொடுத்து, தெளிந்ததும் பிடித்த இடத்திலேயே விடப்படும்.

அடுத்து, சிறகெலும்பு முறிந்தால்? முன்கூட்டியே சம்மதம் பெற்ற மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லப்படும். தாங்க முடியாத வேதனையிலிருந்து விடுவிக்கும் முடிவு வேண்டியிருந்தால் அதை அவரே எடுப்பார், நாங்கள் அல்ல. வைத்தியரின் தொலைபேசி இலக்கம் களக் கொப்பியின் முதற்பக்கத்தில் இருக்கும். இறந்தால்? அன்றைய வேலை அத்துடன் நிற்கும். ஒழுக்கநெறிக் குழுவுக்கு எழுத்தில் அறிவிக்கப்படும். காரணத்தைக் கண்டு முறையை மாற்றி, குழு சம்மதித்த பின்னரே வலை மீண்டும் விரிக்கப்படும்.

இதைத் தட்டச்சுச் செய்ய என் விரல்கள் பின்வாங்கின. “இப்படி எழுதினா நாங்க கொல்லப் போறம் மாதிரி இருக்கே ராத்தா” என்றேன். அவர், “எழுதாட்டி, நடந்தா மறைக்கத்தான் தோணும்” என்றார். நான் பெட்டியை யாருக்கும் காட்டாமல் கட்டிலுக்கடியில் ஒளித்த மூன்று நாட்கள் ஞாபகம் வந்தன. பதில் சொல்லாமல் எழுதினேன்.

நான்காம் இரவு “யாரால்?” என்ற கேள்விக்கு வந்தோம். நான் காத்திருந்த இடம் இதுதான்.

வௌவால்களைக் கையாள்பவர்கள் விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரத்தில், பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொறுவையில், பெரிய பழந்தின்னி வௌவால்களிடம் அந்த நோய்க்கிருமியின் உறவான ஒரு வைரஸ் கண்டறியப்பட்டது; அந்த ஊரின் பெயரையே அதற்கு இட்டிருக்கிறார்கள். ஆகவே தடித்த கையுறை, முன்கூட்டிய ஊசி, கடித்தாலோ கீறினாலோ பதினைந்து நிமிடங்கள் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவுதல், பிறகு முன்பே ஊசி போட்டிருந்தாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரி என்று வரிசையாக எழுதினோம். முகக்கவசமும் உண்டு. அது எங்களைப் பாதுகாக்க மட்டுமல்ல, எங்கள் நோய் வௌவாலுக்குப் போகாமலிருக்கவும்தான். ஒரு தோட்டத்தின் பைகள் கழுவப்படாமல் அடுத்த தோட்டத்துக்குப் போகமாட்டா.

பிறகு பெயர்ப் பட்டியல். ராத்தாவின் பெயர், அவருடைய மேற்பார்வையாளர், இத்தகைய வலை வேலையில் பயிற்சி பெற்ற ஆய்வு உதவியாளர் ஒருவர். அவற்றின் கீழே என் பெயரையும் தட்டச்சுச் செய்துவிட்டு ராத்தாவைப் பார்த்தேன்.

“உனக்குப் பதினேழு வயது” என்றார்.

“நான் ஊசி போட்டிருக்கிறன். தரம் ஏழிலேயே!”

“அது பிழை நடந்ததுக்குப் பிறகு போட்டது. ஊசி மட்டும் போதாது. வலையிலிருந்து எடுக்கப் பழகியிருக்கவேணும். பிழை நடந்தா பொறுப்பெடுக்கக்கூடியவங்களின் பெயர்தான் இதில வரும். நீ பொறுப்பெடுக்க ஏலுமா? வாப்பாதானே வந்து நிக்கவேணும்.”

எனக்குக் கோபம் வந்தது. நான்கு இரவுகள் விழித்திருந்தது இதற்கா என்று நினைத்தேன். ஆனால் திரையில் இருந்த வசனங்களை எழுதியவளும் நானே. “பயிற்சி பெற்றவர்கள் மட்டும்” என்று சற்று முன் தட்டச்சுச் செய்த அதே விரலால் என் பெயரை அழித்தேன். “கையாளாத உதவியாளர்: விரிப்புகள், விதைப் பதிவு” என்ற இன்னொரு வரியில், பெற்றோரின் எழுத்துச் சம்மதத்துடன், அதை மீண்டும் எழுதினேன்.

கடைசியாக எஞ்சியது “யாரிடமிருந்து?” என்ற கேள்வி. அனுமதி என்றால் ஒரு கடிதம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்கே அவை வெவ்வேறு மூன்று. பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு, நீ செய்யப்போவது சரியான முறையா என்று பார்க்கிறது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், 1937 ஆம் ஆண்டின் விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குவது. காட்டு விலங்கைப் பிடித்து ஆராய அனுமதிப்பத்திரம் தருவது அதுதான். காணிச் சொந்தக்காரர் தன் வளவுக்குள் வர இணங்க வேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாக ஆகாது. “எங்கட தோட்டத்தில பிடிக்கவும் திணைக்களத்திடம் கேட்கவேணுமா?” என்று வாப்பா கேட்டார். “காணிதான் உங்கட மாமா. வௌவால் உங்கடதில்லையே” என்றார் ராத்தா. வாப்பா சிரித்துக்கொண்டே சம்மதக் கடிதத்தில் கையொப்பமிட்டார்.

அனுமதிப்பத்திரத்துக்கான விண்ணப்பத்தில் இனம், எண்ணிக்கை, முறை, இடம், திகதிகள், கையாள்பவர்களின் பெயர்கள் எல்லாம் திட்டமாக இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று மாறினாலும், உதாரணமாக நான்காவது தோட்டமொன்று சேர்ந்தாலும், மீண்டும் எழுதி அனுமதி பெற வேண்டும். இருபத்துநான்கு என்று முன்மொழிவில் ஓரிடத்திலும் அறுபது என்று பழைய அட்டவணையொன்றில் இன்னோரிடத்திலும் இருந்ததைக் கடைசி நேரத்தில் உம்மாதான் கண்டுபிடித்தார். இரவில் டோர்ச்சும் வலையுமாக நிற்பவர்களை ஊரவர் வேட்டைக்காரர்கள் என்று நினைக்கக்கூடும் என்பதால், கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் முன்கூட்டி அறிவிப்பதாகவும், பத்திரத்தின் பிரதியைக் களத்தில் கையில் வைத்திருப்பதாகவும் எழுதி முடித்தோம். மூன்று வசனங்கள் நான்கு பக்கங்களாகியிருந்தன. “கவனமாக” என்ற சொல் அவற்றில் ஓரிடத்திலும் இல்லை.

இதை எழுதும்போது ஒழுக்கநெறிக் குழுவின் சம்மதம் கிடைத்துவிட்டது. திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இன்னும் வரவில்லை. எங்கள் ஜம்பு மரம் காய்த்துக் குலுங்குகிறது. இரவில் சிறகடிக்கும் சத்தம் ஜன்னலுக்குக் கேட்கிறது. வலை எங்கள் வீட்டு அல்மாரியின் மேல் அதன் பையிலேயே இருக்கிறது. “விரிச்சுப் பழகிப் பார்த்தா என்ன, இரவிலதானே, யாருக்குத் தெரியும்?” என்று தம்பி கேட்டான். ராத்தா அதைப் பகலில்கூட மரத்தடியில் விரிக்கவில்லை. விரிக்கப்பட்ட வலைக்கு, பழக்கத்துக்காகவா ஆய்வுக்காகவா என்று வௌவால் பார்த்து வருவதில்லை.

விதை விரிப்புகளை மட்டும் காணிச் சொந்தக்காரர்களின் சம்மதத்தோடு தொடங்கலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். ஆகவே சுபஹுத் தொழுகைக்குப் பின், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, அடுத்த வளவின் மாமரத்தடிக்குப் போகிறேன். நேற்றைய விரிப்பில் ஜம்பு விதைகள் பதினொன்று, மென்று துப்பிய சக்கை ஆறு, கொய்யா விதைகள் ஒட்டிய எச்சம் இரண்டு இடங்களில். மேலே அண்ணாந்து பார்த்தேன். வௌவால்கள் போய்விட்டிருந்தன. எண்ணியதைக் கொப்பியில் எழுதிவிட்டு, விரிப்பைக் கழுவப் போனேன்.

உயர்தர உயிரியல் பிரிவு மாணவி